சிஎஸ் 2 சென்ஸை வேலரன்டுக்கு மாற்றுவது, டிபிஐ, ரா இன்புட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஎஸ் 2-ல 800 டிபிஐ, 1.35 சென்ஸ். அதே 1.35-ஐ வேலரன்ட்ல போட்டா பம்பரம் மாதிரி சுத்துது. ஏன்?

இரண்டு கேமும் தங்கள் "1"-க்கு வேறு வேறு அளவு வைத்திருக்கின்றன. மவுஸ் கணினிக்கு அனுப்புவது சென்டிமீட்டரும் இல்லை, டிகிரியும் இல்லை. வலது பக்கம் 12 கவுன்ட், மேலே 3 கவுன்ட் என்று வெறும் எண்ணிக்கைதான் போகிறது. ஒரு கவுன்ட் வந்தால் பார்வையை எவ்வளவு திருப்புவது என்பது கேம் எடுக்கும் முடிவு. சென்ஸ் 1 என்று இருக்கும்போது சிஎஸ் 2 ஒரு கவுன்டுக்கு 0.022 டிகிரி திருப்பும். இது 1996-இல் வந்த குவேக் காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் எண், `m_yaw` என்ற பெயரில். வேலரன்ட் அதே ஒரு கவுன்டுக்கு 0.07 டிகிரி திருப்பும்.

0.07-ஐ 0.022-ஆல் வகுத்தால் 3.1818. சிஎஸ்-இலிருந்து வேலரன்டுக்குப் போகும்போது இதால் வகுக்க வேண்டும், திரும்பி வரும்போது பெருக்க வேண்டும். உங்கள் 1.35 வேலரன்டில் 0.424 ஆகும். மூன்று தசம இடம் வரை போடலாம், அதற்கு மேல் துல்லியம் பார்ப்பதில் பலன் இல்லை. மவுஸ் ஒரு இஞ்ச் நகர்ந்தால் எத்தனை கவுன்ட் அனுப்பும் என்பதுதான் டிபிஐ; அதைத் தொடாதீர்கள், இரண்டிலும் 800-ஆகவே இருக்கட்டும்.

மாற்றாமல் 1.35-ஐ அப்படியே போட்டபோது என்ன நடந்தது என்றால், சிஎஸ்-இல் ஒரு முழுச் சுற்றுக்கு 38.5 செ.மீ. இழுத்துப் பழகிய கைக்கு வேலரன்டில் 12 செ.மீ.யிலேயே முழுச் சுற்று வந்துவிட்டது. மணிக்கட்டை லேசாக அசைத்தாலே எதிரியைத் தாண்டிப் போகும்.

eDPI ஒண்ணா இருந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஒரே கேமுக்குள் மட்டும்தான். டிபிஐயையும் சென்ஸையும் பெருக்கி வருவது eDPI; உங்களுக்கு 1080. இன்னொரு சிஎஸ் பிளேயர் 400 டிபிஐயில் 2.7 வைத்திருந்தால் அவருக்கும் 1080, இரண்டு பேருக்கும் கை நகரும் தூரம் ஒன்றுதான். ஆனால் வேலரன்டில் 1080 என்றால் அது சிஎஸ்-இன் 1080-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல் வேகம். கேம் மாறும்போது ஒப்பிட வேண்டியது, ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்பதை:

```
cm360 = 360 * 2.54 / (DPI * sens * yaw)

CS2:      360 * 2.54 / (800 * 1.35  * 0.022) = 38.5
Valorant: 360 * 2.54 / (800 * 0.424 * 0.07)  = 38.5
```

எந்தக் கன்வெர்ட்டர் தளமாக இருந்தாலும் உள்ளே ஓடுவது இந்தக் கணக்குதான். கடைசி எண் மட்டும் கேமுக்குக் கேம் மாறும்.

கணக்கு சரி, ஆனா நிஜத்துல சரியா மாறியிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு தையல் டேப்பை எடுத்து மவுஸ்பேட் மேல் நேராக ஒட்டுங்கள். அதற்கு இணையாக ஒரு கெட்டியான நோட்டை வைத்துவிட்டால் மவுஸ் அதன் ஓரமாகவே நகரும், கோணலாகப் போகாது. பிராக்டீஸ் மேப்பில் ஏதாவது ஒரு தூணின் ஓரத்தில் கிராஸ்ஹேரை வைத்துக்கொண்டு, மெதுவாக வலது பக்கம் இழுத்துக்கொண்டே போய், அதே தூணின் அதே ஓரம் திரும்பவும் கிராஸ்ஹேருக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். மவுஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். இதை இரண்டு கேமிலும் செய்யுங்கள். இரண்டும் ஒரே தூரம் வந்தால் மாற்றம் சரி.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும். கணக்குப்படி 38.5 வர வேண்டும், ஆனால் டேப்பில் 37.4 காட்டுகிறது, அதுவும் இரண்டு கேமிலும் 37.4. இது கன்வெர்ஷன் தவறு இல்லை. 800 என்று எழுதியிருக்கும் மவுஸ் உண்மையில் 800 கொடுப்பதில்லை, சில சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். 800-ஐ 38.5-ஆல் பெருக்கி 37.4-ஆல் வகுத்தால் உங்கள் மவுஸின் நிஜ டிபிஐ கிட்டத்தட்ட 823 என்று வரும். ஒரே மவுஸில் கேம் மாற்றும்போது இந்த விலகல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கண்டுகொள்ள வேண்டாம்.

புது மவுஸ் வாங்கும்போதுதான் இது வேலையைக் காட்டும். "அதே 800, அதே 1.35, ஆனால் ஏதோ மந்தமா இருக்கு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இல்லாததைச் சொல்லவில்லை. பழைய மவுஸில் 37.4 வந்த இடத்தில் புதியதில் 39.6 வருகிறது என்றால், சென்ஸை 39.6/37.4-ஆல் பெருக்குங்கள்: 1.35 என்பது 1.43 ஆகும். பழைய மவுஸைக் கழற்றிப் போடும் முன்பே ஒரு தடவை அளந்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது, அது கெட்டுப்போன பிறகு அளக்க வழியில்லை.

400, 800, 1600, இதுல எந்த டிபிஐ வைக்கணும்?

800 அல்லது 1600. காரணத்தைச் சொல்கிறேன், பிறகு உங்களுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிபிஐயை இரட்டிப்பாக்கி சென்ஸைப் பாதியாக்கினால் மொத்த வேகம் மாறாது. மாறுவது படியின் அளவு. 400 டிபிஐ, 2.7 சென்ஸ் என்றால் ஒரு கவுன்டுக்குப் பார்வை 0.059 டிகிரி தாவும். 800, 1.35 என்றால் 0.03. 1600, 0.675 என்றால் 0.015. இதைத் திரையோடு வைத்துப் பார்க்க வேண்டும்: 1920×1080-இல் சிஎஸ் 2 ஓடும்போது நடுவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.08 டிகிரி. அதாவது 400 டிபிஐயில்கூட ஒரு கவுன்ட் ஒரு பிக்சலைத் தாண்டவில்லை. "400 வெச்சா பிக்சல் ஸ்கிப் ஆகும்" என்று பயமுறுத்துவதெல்லாம் இந்த சென்ஸில் பொருந்தாது. 1440 திரைக்குப் போனால் பிக்சல் 0.06 டிகிரியாகச் சுருங்கும், அப்போது 400 சரியாக விளிம்பில் நிற்கும். 800 வைத்தவர்களுக்கு எந்தத் திரையிலும் கவலை இல்லை.

இன்னொரு வித்தியாசம் முதல் கவுன்ட் எப்போது கிளம்புகிறது என்பதில். 400-இல் மவுஸ் 0.06 மி.மீ. நகர்ந்த பிறகுதான் முதல் செய்தியே போகும், 1600-இல் அதில் கால் பங்கு தூரத்திலேயே போய்விடும். வேகமான ஃப்ளிக்கில் இது தெரியவே தெரியாது. தலை உயரத்தில் கிராஸ்ஹேரை வைத்துக்கொண்டு மூலையில் இருந்து வருபவனுக்காக மிக மெதுவாக நகர்த்தும்போதுதான் உயர்ந்த டிபிஐ கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லும்.

அப்படியென்றால் 6400 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. சில சென்சர்கள் ஒரு எல்லைக்கு மேல் நடுக்கத்தை மறைக்க ஸ்மூத்திங் சேர்க்கின்றன, அது தாமதமாகவே வந்து சேரும். அதோடு வேலரன்டில் சென்ஸை 0.1-க்குக் கீழே எல்லாம் இறக்க வேண்டியிருக்கும், மெனுவில் கர்சரைப் பிடிக்கவே முடியாது. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 26,000 டிபிஐ விற்பனைக்கான எண்.

டிபிஐ மாற்ற முடிவு செய்தால் எல்லா கேமிலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். 1600-க்குப் போகிறீர்கள் என்றால் சிஎஸ் 2-இல் 0.675, வேலரன்டில் 0.212. மவுஸின் அடியில் டிபிஐ பட்டன் இருந்தால் மற்ற நிலைகளை அதன் மென்பொருளில் அழித்துவிடுங்கள், கை தவறிப் பட்டால் ஒரு மேட்சே போய்விடும்.

ரா இன்புட்னா என்ன? சிஎஸ் 2 செட்டிங்ஸ்ல அந்த ஆப்ஷனையே காணோம்.

காணாமல் போகவில்லை, எப்போதும் ஆனில் இருப்பதால் பட்டனை எடுத்துவிட்டார்கள். சிஎஸ்:கோ-வில் `m_rawinput` என்று தனியாக இருந்தது, 0 வைக்கவும் முடிந்தது.

விண்டோஸிடமிருந்து மவுஸ் நகர்வைக் கேம் இரண்டு வழியில் வாங்கலாம். ஒன்று, கர்சர் இப்போது திரையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவது. அப்படிச் செய்தால் விண்டோஸின் பாயின்டர் வேகமும் ஆக்சிலரேஷனும் ஏற்கெனவே அதில் கலந்திருக்கும். இன்னொன்று, மவுஸ் அனுப்பிய கவுன்ட்களை யாரும் தொடாமல் அப்படியே வாங்குவது, அதுதான் ரா இன்புட். மேலே போட்ட கணக்கெல்லாம் இரண்டாவது வழியில்தான் செல்லும். முதல் வழியில் ஓடும் பழைய கேமில் கணக்கு பார்த்துச் சென்ஸ் வைத்தால் டேப் வேறு எண் காட்டும்.

ஒரு கேம் ரா இன்புட்டில் ஓடுகிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. விண்டோஸில் பாயின்டர் வேகத்தைக் கடைசி வரை குறைத்துவிட்டு கேமுக்குள் போங்கள். மெனுவில் கர்சர் ஆமை வேகத்தில் போகலாம், அது பரவாயில்லை. துப்பாக்கியைப் பிடித்துத் திரும்பும்போது வேகம் மாறாமல் இருந்தால் ரா இன்புட். அதுவும் சேர்ந்து மெதுவானால் இல்லை.

வேலரன்டில் இருக்கும் `Raw Input Buffer` வேறு விஷயம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மவுஸ் செய்திகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் மொத்தமாக அள்ளி எடுக்கும் முறை அது. நொடிக்கு 8000 தடவை செய்தி அனுப்பும் 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. 1000 ஹெர்ட்ஸ் மவுஸில் அதை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சென்ஸ் மாறாது.

அப்போ விண்டோஸ்ல `Enhance pointer precision` ஆன்ல இருந்தாலும் பரவாயில்லையா?

சிஎஸ் 2, வேலரன்ட் இரண்டிலும் எய்ம் செய்வதை அது தொடாது. ஆனாலும் ஆஃப் செய்துவிடுங்கள், நாளைக்கு ரா இன்புட் இல்லாத ஒரு கேமை இறக்கும்போது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. விண்டோஸ் பட்டனோடு R அழுத்தி `main.cpl` என்று டைப் செய்தால் பழைய மவுஸ் பெட்டி திறக்கும், அதில் `Pointer Options`. அங்கேயே ஸ்லைடரை இடமிருந்து ஆறாவது கோட்டில், அதாவது நட்ட நடுவில் வையுங்கள். அங்கேதான் ஒரு கவுன்டுக்கு ஒரு பிக்சல்.

1600 டிபிஐக்குப் போய் டெஸ்க்டாப் கர்சர் பறக்கிறது என்றால் ஸ்லைடரை நாலாவது கோட்டுக்கு இறக்கலாம், அது வேகத்தைச் சரியாகப் பாதியாக்கும்.

மெதுவா நகர்த்தும்போது சரியா நிக்குது, வேகமா ஃப்ளிக் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல நிக்குது. சென்ஸ் குறைக்கணுமா?

முதலில் மவுஸைச் சோதியுங்கள், சென்ஸ் பிறகு.

மவுஸ்பேடில் 25 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு தடிமனான புத்தகங்களை வையுங்கள். மவுஸை இடது புத்தகத்தில் ஒட்டி வைத்து கிராஸ்ஹேரை ஒரு சுவரின் ஓரத்தில் நிறுத்துங்கள். மெதுவாக வலது புத்தகத்தைத் தொடும் வரை போங்கள், அங்கிருந்து மேட்சில் ஃப்ளிக் செய்யும் அதே வேகத்தில் இடது புத்தகத்துக்கு இழுத்து வாருங்கள். பேடிலிருந்து மவுஸ் எழும்பக் கூடாது. கிராஸ்ஹேர் கிளம்பிய இடத்துக்கே வந்தால் மவுஸில் தப்பில்லை, அது கைப்பழக்கம்தான்.

கிளம்பிய இடத்தைத் தாண்டி இடது பக்கம் போய் நின்றால் எங்கேயோ ஆக்சிலரேஷன் இருக்கிறது. ரா இன்புட் உள்ள கேமிலும் இது வரலாம், ஏனென்றால் மவுஸுடன் வரும் மென்பொருளிலேயே ஆக்சிலரேஷன் போட வசதி இருக்கும், கேமின் செட்டிங்ஸிலும் தனியாக இருக்கலாம். இரண்டையும் பார்த்து அணையுங்கள். அதே மென்பொருளில் ஆங்கிள் ஸ்னாப்பிங் என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து அணையுங்கள், அது கோணலான இழுப்பை நேர்கோடாகத் திருத்தப் பார்க்கும்.

கிளம்பிய இடத்துக்கு வந்து சேராமல் பாதியில் நின்றால் சென்சர் கவுன்ட்களைத் தொலைக்கிறது. சாதாரண ஆபீஸ் மவுஸ்களில் இது அடிக்கடி நடக்கும், ஒரு வேகத்துக்கு மேல் அவற்றின் சென்சரால் தொடர முடியாது. சில சமயம் அந்த நொடியில் பார்வை கூரைக்கோ தரைக்கோ எகிறும். இதற்குச் சென்ஸ் மாற்றுவது மருந்தில்லை. சென்சர் துளையில் முடி, தூசி இருக்கிறதா என்று பாருங்கள், பளபளப்பான மேஜையில் ஓட்டுகிறீர்கள் என்றால் துணி பேடுக்கு மாறிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மவுஸைத்தான் மாற்ற வேண்டும். சென்ஸைக் கூட்டினால் கை வேகம் குறைந்து குறை மறைந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான்.

துணி பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக் காலத்தில் பேட் ஈரத்தை இழுத்துக்கொண்டு மவுஸைப் பிடிக்கும். அன்றைக்கு "சென்ஸ் குறைஞ்ச மாதிரி" இருப்பது அதனால். மேலே சொன்ன சோதனையில் மவுஸ் சரியாகத் திரும்பி வரும், எண்களைத் தொடாதீர்கள்.

எல்லாம் பண்ணியாச்சு, டேப்ல தூரமும் ஒண்ணுதான். ஆனாலும் வேலரன்ட் மந்தமா இருக்கே?

சிஎஸ்-ஐ 4:3 ஸ்ட்ரெச்சில் ஆடிக்கொண்டிருந்தீர்களா? பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

4:3-இல் சிஎஸ் காட்டும் அகலம் 90 டிகிரி. அதை இழுத்து 16:9 திரை முழுக்க நிரப்பும்போது படம் பக்கவாட்டில் 1.33 மடங்கு விரிகிறது. கை அதே 38.5 செ.மீ. இழுக்கிறது, பார்வையும் அதே 360 டிகிரிதான் திரும்புகிறது, ஆனால் திரையில் பொருட்கள் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடுவதாகக் கண்ணுக்குப் படும். வேலரன்ட் எந்த ரெசல்யூஷனிலும் 103 டிகிரியை விட்டுக்கொடுக்காது, ஸ்ட்ரெச் போட்டாலும் எதிரிகள் அகலமாவதில்லை. அதனால் அந்தக் கூடுதல் வேகம் காணாமல் போய், மந்தமாகத் தெரிகிறது.

இரண்டு வழி இருக்கிறது. 0.424-லேயே விட்டால் 90, 180 டிகிரி திரும்புவதெல்லாம் பழைய கைக்கணக்குப்படியே வரும், கண் மட்டும் பழக வேண்டும். 0.5-ஐ ஒட்டி ஏற்றினால் கிராஸ்ஹேருக்கு அருகில் உள்ள சின்னத் திருத்தங்கள் பழையபடி தோன்றும், ஆனால் பின்னால் திரும்பும்போது தாண்டிப் போவீர்கள். நான் முதலாவதைத்தான் சொல்வேன். சிஎஸ்-ஐ 16:9-இல் ஆடியவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அங்கே 106 டிகிரி, வேலரன்டில் 103, வித்தியாசம் கண்ணில் படாது.

ஸ்கோப் போட்டா ஏன் வேற மாதிரி இருக்கு? ஏடபிள்யூபி-ல இருந்து ஆபரேட்டருக்கு எப்படி மாத்தறது?

ஸ்கோப்பில் படம் பெரிதாவதால் "ஒரே மாதிரி" என்பதற்கே ஒரு பதில் இல்லை. நடைமுறையில் பலரும் தேர்ந்தெடுப்பது, ஸ்கோப் போடாதபோது கிராஸ்ஹேர் அருகில் படம் எந்த வேகத்தில் நகர்கிறதோ ஸ்கோப்பிலும் அதே வேகத்தில் நகர வைப்பது. அதற்கு சிஎஸ் 2 கன்சோலில்:

```
zoom_sensitivity_ratio 0.819
```

வேலரன்டில் `Scoped Sensitivity Multiplier` 0.747. இரண்டும் முதல் ஜூமுக்குக் கணக்கிட்டவை. இரண்டாவது ஜூமுக்கு இரண்டு கேமிலும் இன்னும் கொஞ்சம் குறைவான எண் வேண்டும், ஆனால் தனித்தனியாகப் போட இடமில்லை. முதல் ஜூமிலேயே பெரும்பாலான சண்டை நடப்பதால் அதை வைத்தே முடிவு செய்யலாம். இரண்டிலும் 1 வைத்துப் பழகிவிட்டவர்கள் மாற்ற வேண்டியதில்லை.

ஏபெக்ஸ், ஓவர்வாட்ச், பப்ஜி-க்கு?

ஏபெக்ஸ் லெஜன்ட்ஸிலும் 0.022 தான், உங்கள் 1.35-ஐ அப்படியே போடலாம். ஓவர்வாட்ச் 2-இல் 0.0066, ஆகவே சிஎஸ் எண்ணை 3.33-ஆல் பெருக்கினால் 4.5. கணினியில் ஓடும் பப்ஜியில் மட்டும் நேர்ப் பெருக்கல் செல்லாது. அதன் ஸ்லைடர் மடக்கை முறையில் ஏறுகிறது: 50-இலிருந்து 65-க்குப் போனாலே வேகம் இரட்டிப்பு. 50-ஐ 100 ஆக்கினால் இரண்டு மடங்கு என்று நினைத்துப் போட்டால் பத்து மடங்கு வரும். அங்கே டேப்பை வைத்து அளந்து, ஸ்லைடரை ஒவ்வொன்றாக நகர்த்தி 38.5-க்குக் கொண்டுவருவது சுலபம். ஸ்கோப் போடாமல், மூன்றாம் நபர் பார்வையில் இல்லாமல் முதல் நபர் பார்வையில் அளங்கள்.

போலிங் ரேட் 1000 வைக்கணுமா, 8000 வைக்கணுமா?

1000. 125-இல் மவுஸ் 8 மில்லி நொடிக்கு ஒரு தடவைதான் பேசும், 144 ஹெர்ட்ஸ் திரையில் அது கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தத்தித் தத்திப் போகும். 1000-இல் ஒரு மில்லி நொடி. அங்கிருந்து 8000-க்குப் போனால் மிச்சம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, ஆனால் சிபியூவுக்கு வேலை கூடும். வாங்கிவிட்டீர்கள் என்றால் போட்டுப் பாருங்கள்: மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றும்போது எஃப்பிஎஸ் இறங்கினால் 2000 அல்லது 1000-க்கு இறக்குங்கள். சென்ஸ் எண் எதுவும் மாறாது, போலிங் ரேட் கவுன்ட்களைப் பங்கு பிரித்து அனுப்புமே தவிர கூட்டவோ குறைக்கவோ செய்யாது.